கணக்கோடு ஒரு கடிதம்
ஒன்பதாம் வகுப்பு: உறவுமுறைக் கடிதம் கற்பித்த அனுபவம்

உறவுமுறைக் கடிதம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே வகைத் தலைப்புகளையே கொடுத்து வந்தேன். சுற்றுலா செல்ல அனுமதி கேட்டுத் தந்தைக்கு, பரிசு பெற்ற நண்பனைப் பாராட்டி, இப்படி. கடந்த முறை மாணவர்களையே தலைப்புச் சொல்லச் சொன்னேன். "அம்மாகிட்ட பெரிய டேட்டா பேக் கேட்டு எழுதலாமா ஐயா?" என்றான் கடைசி வரிசை மாணவன் ஒருவன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, சரி என்றேன். ஒரு பாடவேளைக்குத் திட்டமிட்டது ஐந்து பாடவேளைகளுக்கு நீண்டது. அதில் நடந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் நாள்: எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்

அன்று 34 கடிதங்கள் வந்தன. பெயரை மறைத்துவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைத் தருகிறேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். தங்கள் நலமறிய ஆவல். எனக்கு டேட்டா போதவில்லை. என் நண்பர்கள் எல்லோரும் பெரிய பேக் போட்டிருக்கிறார்கள். எனவே எனக்கும் பெரிய பேக் போட்டுத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் மட்டும்தான் விளையாடுவேன். நன்றாகப் படித்து முதல் மதிப்பெண் எடுப்பேன். இப்படிக்கு, தங்கள் அன்பு மகன்."

அமைப்பில் குறையில்லை. இடம், நாள், விளிப்பு, முடிப்பு, உறைமேல் முகவரி எல்லாம் இருந்தன. தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மாலையில் இதை ஓர் அம்மா படித்தால் என்ன சொல்வார்? அடுத்த நாள் நானே அம்மாவாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னேன். "போதவில்லையா, எவ்வளவு போதவில்லை?" "பெரிய பேக் என்றால் எவ்வளவு பணம்?" "கொஞ்ச நேரம் என்றால் எத்தனை மணி?" "போன வருடமும் முதல் மதிப்பெண் என்றுதான் சொன்னாய்." ஒரு கேள்விக்கும் அவர்களிடம் பதில் இல்லை.

ஒரு மாணவி எழுந்து, "ஒரே வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு எதற்குக் கடிதம் ஐயா, நேரில் கேட்டால் போதாதா?" என்றாள். நல்ல கேள்வி. தலைப்புக் கொடுத்த மாணவனே பதில் சொன்னான். அவன் அம்மா தையல் வேலை செய்கிறார். அப்பா தொலைதூர லாரி ஓட்டுநர், மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார். வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி. "பேக்னு வாயைத் திறந்தாலே அம்மா, 'கேம் ஆடி ஆடி நெட்டைத் தீர்த்துடுற, ராத்திரி அப்பா முகத்தைக்கூடப் பார்க்க முடியல'ன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல பேச்சு சண்டைதான்" என்றான். இரவு ஒன்பது மணிக்கு அப்பா காணொளி அழைப்பில் வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். படம் உறைந்து நிற்கும். பழி விளையாட்டின் மேல் விழும்.

நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே மறுப்பு வந்துவிடும். கடிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். தொலைவில் இருக்கும் அப்பாவும் அதையே படிக்கலாம். கடிதம் எதற்கு என்ற கேள்விக்கு என் பாடத்திட்டக் குறிப்பைவிட அவன் பதில் தெளிவாக இருந்தது.

ஏழு நாள் பதிவேடு

"போதவில்லை" என்ற சொல்லுக்கு எண் வேண்டும் என்று முடிவு செய்தோம். நான்கு பேருக்கு ஒரு குழு. வீட்டில் திறன்பேசி இல்லாதவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருந்தார்கள். எனவே குழுவுக்கு ஒரு வீட்டின் பதிவேடு போதும் என்றேன். அந்த வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி கேட்ட பிறகே தொடங்க வேண்டும், செய்திகளையோ படங்களையோ திறக்கக் கூடாது, அளவை மட்டும் குறிக்க வேண்டும் என்பது விதி.

ஆண்ட்ராய்டு பேசியில் `Settings` பகுதிக்குள் `Data usage` என்றோ `App data usage` என்றோ ஒரு பக்கம் இருக்கும். எந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்தது என்று அது வரிசையாகக் காட்டும். தினமும் படுக்கப் போகும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் குறிக்கச் சொன்னேன். டேட்டா தீர்ந்த நாள்களில், தீர்ந்த நேரத்தையும் குறிக்க வேண்டும்.

மூன்றாம் நாளே ஒரு பிழை தெரிந்தது. ஒரு குழு, ஒரே நாளில் 9 ஜி.பி. செலவானதாக எழுதியிருந்தது. அந்த வீட்டின் பேக் ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. தரும். அதற்கு மேல் ஒரே நாளில் 9 ஜி.பி. செலவாக வழியில்லை. அந்தப் பக்கம் காட்டுவது பேசியின் டேட்டாக் கணக்குச் சுழற்சி தொடங்கியதிலிருந்து கூடிவந்த மொத்தம். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால்தான் இன்றைய செலவு கிடைக்கும். மின் மீட்டரில் அளவெடுப்பதைப் போல என்றதும் புரிந்துகொண்டார்கள்.

தலைப்புக் கொடுத்த மாணவனின் வீட்டுக் கணக்கு இது. ஏழு நாளில் மொத்தம் 10.2 ஜி.பி. அதில் குறுங்காணொளிகள் 5.2, செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டது 2.1, பாடக் காணொளிகள் 1.2, அப்பாவுடன் காணொளி அழைப்பு 0.6, செய்திகளும் படங்களும் 0.6, விளையாட்டு 0.5. ஏழில் ஐந்து நாள் இரவு எட்டரைக்குள் டேட்டா தீர்ந்துவிட்டது.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. வீட்டில் திட்டு வாங்கித் தந்த விளையாட்டு, பட்டியலில் கடைசியில் இருந்தது. காரணம் எளிது. விளையாட்டின் படங்களும் ஒலிகளும் முன்பே பேசியில் இறங்கியிருக்கின்றன. ஆடும்போது யார் எங்கே நகர்ந்தார், எப்போது சுட்டார் என்ற சிறு தகவல்கள் மட்டுமே போய் வருகின்றன. காணொளியில் ஒவ்வொரு நொடியும் புதுப்படமாக இறங்க வேண்டும். விளையாட்டுக்கு டேட்டா அதிகம் தேவைப்படுவது அதை முதலில் இறக்கும்போதும் புதுப்பிக்கும்போதும்தான்.

மாணவனுக்கு ஒரே மகிழ்ச்சி. "பார்த்தீங்களா ஐயா, என் மேல தப்பே இல்ல!" என்றான். அப்போது அவன் குழுவிலிருந்த மாணவி கேட்டாள்: "கேம்ல எத்தனை மணி நேரம் இருந்தேன்னு பார்த்தியா?" `Digital Wellbeing` பக்கத்தில் அதுவும் இருந்தது. அதே ஏழு நாளில் 9 மணி நேரம்.

இந்த இடத்தில்தான் பாடம் பிடிபட்டது. விளையாட்டு டேட்டாவைத் தின்னவில்லை, நேரத்தைத் தின்றது. அம்மாவின் மனத்தில் இரண்டும் ஒரே குறையாகக் கலந்து கிடந்தன. மகனும் பேக் கேட்கும்போது நேரத்தைக் குறைப்பதாகச் சொல்லி, இரண்டையும் கலந்தே பேசி வந்தான். நேரத்தைக் குறைத்தாலும் டேட்டா மிச்சமாகாது. பேக்கைப் பெரிதாக்கினாலும் விளையாட்டு நேரம் பற்றிய கவலை தீராது. ஆகவே கடிதத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன்.

உண்மையிலேயே தேவையா?

அடுத்த கேள்வி, வீணைக் குறைத்த பிறகும் பெரிய பேக் தேவைப்படுமா என்பது. மாணவன் தன் கையில் இருப்பதை மட்டும் குறைக்கலாம் என்றேன். தங்கை பார்ப்பதைத் தான் குறைப்பதாக அவன் வாக்குக் கொடுக்க முடியாது. தான் பார்க்கும் குறுங்காணொளிகள், ஏறக்குறைய 1 ஜி.பி., வேண்டாம் என்றான். ப்ளே ஸ்டோர் அமைப்பில் `Don't auto-update apps` என்பதைத் தேர்ந்து, தேவையானவற்றை மட்டும் கையால் புதுப்பித்தால் 2.1 என்பது 0.8 ஆகும் என்று கணக்கிட்டான். பணம் அனுப்பும் செயலியை மட்டும் தள்ளிப் போடாமல் புதுப்பித்துவிட வேண்டும் என்று நான் சேர்த்தேன்.

ஆனால் பதிவேடு, செலவானதைத்தான் காட்டும். செலவாக முடியாமல் போனதைக் காட்டாது. அப்பாவுடன் தினமும் அரை மணி நேரம் பேச முடிந்தால் வாரத்திற்கு 1.4 ஆகும். பாடக் காணொளி தினமும் 40 நிமிடம் பார்த்தால் 2.8. எல்லாம் கூட்டினால் 10.3 ஜி.பி. ஒரு நாளைக்குச் சராசரி 1.47.

"அப்ப 1.5 போதுமே ஐயா" என்றார்கள் சிலர். சராசரிக்குப் போதும். ஆனால் பேக் சராசரியைப் பார்ப்பதில்லை. நேற்று மீந்தது நள்ளிரவோடு போய்விடும். இன்று கொஞ்சம் கூடினால் வேகம் 64 கே.பி.பி.எஸ். அளவுக்கு இறங்கிவிடும். குறுஞ்செய்தி மெல்லப் போகும், அப்பாவின் முகம் வராது. எனவே கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

பண விவரத்தையும் பார்த்தோம். அவர்கள் வீட்டில் போட்டுவந்த 28 நாள் பேக் 299 ரூபாய், நாளுக்கு 1.5 ஜி.பி. அதே நாள்களுக்கு 2 ஜி.பி. பேக் 349 ரூபாய். வித்தியாசம் 50 ரூபாய். ஆண்டுக்கு 600 என்று உடனே சொன்னார்கள். 365-ஐ 28-ஆல் வகுக்கச் சொன்னேன். 12 முறை அல்ல, 13 முறை. ஆக 650 ரூபாய். "தீர்ந்த அன்னைக்கு மட்டும் 19 ரூபாய்க்கு 1 ஜி.பி. போட்டுக்கலாமே" என்றாள் ஒரு மாணவி. 28 நாளில் இரண்டு முறை வரை அது மலிவு, மூன்றாவது முறை 57 ரூபாய் ஆகிவிடும். ஒரே வாரத்தில் ஐந்து நாள் தீரும் வீட்டுக்கு அது சரிவராது. இந்த விலைகள் அப்போதையவை. உங்கள் வகுப்பில் அவரவர் வீட்டு விலையை வைத்துச் செய்யுங்கள்.

நியாயமான விளையாட்டு நேரம்

"தினமும் ஒரு மணி நேரம்" என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது என்ன நடக்கும் என்று கேட்டேன். "மேட்ச் நடுவுல விட முடியாது ஐயா, டீம் தோத்துடும்" என்றார்கள். அம்மாவுக்கோ அது கீழ்ப்படியாமை. சண்டை தொடங்கும் இடம் இதுதான். அவன் ஆடும் விளையாட்டில் ஓர் ஆட்டம் சுமார் 20 நிமிடம். ஆகவே நிமிடத்தில் அல்லாமல் ஆட்டத்தில் கணக்கிட்டோம். முடிக்கும் நேரத்தைச் சொல்வதைவிட, "இதற்கு மேல் புது ஆட்டம் தொடங்க மாட்டேன்" என்று தொடங்கும் நேரத்தைச் சொல்வது காப்பாற்றக்கூடிய வாக்கு.

மீறினால்? "பேசியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தார்கள். பேசியே அம்மாவுடையது! அதோடு, பெரிய தண்டனை ஒருநாளும் நடைமுறைக்கு வராது. ஓர் ஆட்டம் கூடினால் மறுநாள் ஓர் ஆட்டம் குறையும் என்பது போதும் என்று முடிவானது.

பெற்றோரின் அச்சங்களையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். பல வீடுகளில் வந்தது, விளையாட்டில் பணம் போய்விடும் என்பது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் விளையாட்டுக்குள் உடை, ஆயுதம் போன்றவற்றை வாங்குவது வேறு. அதைத் தனியாக ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

கடைசி வடிவம்

இரண்டாம் வரைவில் அவன், "தங்கச்சிதான் வீடியோ பார்த்தே எல்லாத்தையும் காலி பண்றா" என்று எழுதியிருந்தான். இதை அம்மா படித்ததும் வீட்டில் முதலில் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். அவனே மாற்றினான். அம்மாவை "நீ" என்று கூப்பிடுகிறவன் கடிதத்தில் "தாங்கள்" என்று எழுதும்போது வேறு யாரோ எழுதியதுபோல இருப்பதாகச் சொன்னான். இருவருக்கும் சேர்த்து எழுதுவதால் "நீங்கள்" பொருந்தியது. அவன் ஒப்புதலோடு, பெயரையும் ஊரையும் நீக்கிக் கடிதத்தைத் தருகிறேன்.

நாள்: 09.11.2025

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

இதைக் கடைசி வரை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அம்மா படித்ததும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பி வைக்கவும்.

நவம்பர் 1 முதல் 7 வரை நம் வீட்டு டேட்டாக் கணக்கை எழுதினேன். பதிவேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து நாள் இரவு எட்டரைக்குள் தீர்ந்துவிட்டது. அதனால்தான் அப்பா கூப்பிடும்போது படம் வருவதில்லை. விளையாட்டுக்கு ஆனது 0.5 ஜி.பி. வீட்டில் எல்லோரும் பார்க்கும் குறுங்காணொளிகளுக்கு 5.2. செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டது 2.1. இதை அம்மாவின் அனுமதியோடு நிறுத்திவிட்டேன். நான் குறுங்காணொளி பார்ப்பதையும் விட்டுவிடுகிறேன். அப்படியும் பாடத்துக்கும் அப்பாவுடன் பேசவும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.5 ஜி.பி. ஆகிறது. ஒரு நாள் கூடினாலும் அழைப்பு நின்றுவிடும்.

வரும் 15-ஆம் தேதி பேக் முடிகிறது. அப்போது 299-க்குப் பதிலாக 349 ரூபாய் பேக் போட முடியுமா? 28 நாளுக்கு 50 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 650 ரூபாய். முதலில் ஒரு முறை மட்டும் போட்டுப் பாருங்கள். 28 நாளும் கணக்கு எழுதுகிறேன். 1.5 போதும் என்று தெரிந்தால் பழைய பேக்குக்கே போய்விடலாம்.

விளையாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேட்டா குறைவாக ஆனாலும் அந்த வாரம் 9 மணி நேரம் ஆடியிருக்கிறேன். அது அதிகம்தான். இனி பள்ளி நாளில் இரண்டு ஆட்டம், அதாவது 40 நிமிடம். சனி, ஞாயிறு நான்கு ஆட்டம். வாரத்துக்கு 6 மணி நேரம் ஆகும். வீட்டுப்பாடம் முடித்த பிறகுதான் தொடங்குவேன். இரவு ஏழரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்க மாட்டேன். ஆட்டத்தின் நடுவில் கூப்பிட்டால் அந்த ஓர் ஆட்டம் முடிய நேரம் கொடுங்கள். ஒன்று கூட ஆடினால் மறுநாள் ஒன்று குறைத்துக்கொள்கிறேன். விளையாட்டில் எதையும் பணம் கொடுத்து வாங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி நேரம் ஆடினேன் என்பதை அம்மா பேசியிலேயே பார்க்கலாம். எங்கே பார்ப்பது என்று காட்டித் தருகிறேன்.

இதில் எதை மாற்ற வேண்டும் என்றாலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தன் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவனே எடுத்துவிட்டான்.

மதிப்பீடு

அமைப்புக்கு வழக்கமான மதிப்பெண் போக, நான்கு கேள்விகளை வைத்துத் திருத்தினேன். கேட்பது என்ன என்று தொகையோடு சொல்லப்பட்டிருக்கிறதா? அதற்கான காரணம் பதிவேட்டில் இருக்கிறதா? தனக்குப் பாதகமான எண்ணையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாரா? கொடுக்கும் வாக்கைப் பெற்றோர் சரிபார்க்க வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் தவறினார்கள். டேட்டா எண்ணை எழுதியவர்கள் மணிக்கணக்கை விட்டுவிட்டார்கள். அவர்களிடம், நான் மறுபடி அம்மாவாக உட்கார்ந்து, "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்று மட்டும் கேட்டேன். மறு வரைவில் அந்த எண் வந்துவிட்டது.

இரண்டு குழுக்களின் கணக்கில், இருக்கிற பேக்கே போதும் என்று வந்தது. அவர்கள் கடிதத்தின் பொருளை மாற்றி, விளையாட்டு நேரத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்டு எழுதினார்கள். அவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பதில்

நான்கு நாள் கழித்து அந்த மாணவன் கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் மூன்று வரிகள். "இந்த ஒரு முறை 349 போடுகிறோம். சனி ஞாயிறு நான்கு ஆட்டம் வேண்டாம், மூன்று போதும். அப்பா பேசும்போது நீயும் பக்கத்தில் உட்கார வேண்டும்."

மூன்றாவது நிபந்தனையை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா அழைக்கும் நேரத்தில், டேட்டா இருந்த நாள்களிலும், அவன் பேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவானாம். அவனே சொன்னான்.

28 நாள் முடிந்ததும் பதிவேட்டைக் காட்டினான். சராசரி 1.6 ஜி.பி. டேட்டா தீர்ந்தது இரண்டே நாள். விளையாட்டு மூன்று வாரம் சொன்ன அளவுக்குள் இருந்தது. ஒரு வாரம் ஏழு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அதையும் அழிக்காமல் எழுதியிருந்தான். பேக்கை அப்படியே தொடர்கிறார்கள்.

அடுத்த ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒன்றை மாற்றப் போகிறேன். கடிதத்தின் பின்பக்கத்தைப் பெற்றோருக்காக விட்டுவைக்கச் சொல்வேன்.